ஆளைக் கூட்டி வந்தால் என்ன தருவீர்கள்?

99 டாலர் விலையுள்ள ஒரு பொருளை விற்க 233 டாலரை விளம்பரத்துக்குக் கொட்டினால் அந்தக் கடை எத்தனை நாள் தாங்கும்? அமெரிக்காவின் டிராப்பாக்ஸ் நிறுவனம் தொடக்க காலத்தில் இந்த இக்கட்டில்தான் இருந்தது. படங்களையும் கோப்புகளையும் இணையத்தில் போட்டு வைக்க இடம் கொடுப்பது அதன் தொழில். கூகுள் தேடலில் விளம்பரம் போட்டுப் பார்த்தார்கள். காசு கட்டும் வாடிக்கையாளர் ஒருவரைப் பிடிக்க 233 முதல் 388 டாலர் வரை செலவானது. நிறுவனர் ட்ரூ ஹூஸ்டன் பின்னாளில் இந்தக் கணக்கை மேடையிலேயே போட்டுக் காட்டினார்.

அதன்பின் அவர்கள் வேறு வழிக்குப் போனார்கள். ஏற்கெனவே பயன்படுத்துபவர் ஒரு நண்பரை அழைத்து வந்து, அந்த நண்பர் தன் கணினியில் டிராப்பாக்ஸை நிறுவினால், இருவருக்கும் தலா 250 எம்பி இடம் இலவசம். 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த பயனாளர் எண்ணிக்கை 2010 ஜனவரியில் 40 லட்சம் ஆனது. இந்தத் திட்டத்தால் மட்டும் புதிதாகச் சேர்பவர்கள் 60 சதவீதம் கூடினார்கள் என்று ஹூஸ்டன் சொன்னார். பேபால் நிறுவனம் அதற்கு முன்பே புதியவருக்கும் அழைத்து வந்தவருக்கும் பத்து பத்து டாலர் ரொக்கமாகக் கொடுத்துப் பார்த்திருந்தது. டிராப்பாக்ஸ் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, பணத்துக்குப் பதில் தன் சரக்கையே கொடுத்தது.

‘ரெஃபரல்’ என்று இன்று எல்லா செல்போன் செயலியும் கேட்பது இதைத்தான். செயலிகள் மட்டுமா? டியூஷன் சென்டர், உடற்பயிற்சிக் கூடம், பல் மருத்துவமனை, தண்ணீர் கேன் போடுபவர் என எல்லோரும் ‘உங்க ஃப்ரெண்ட்ஸைச் சேர்த்து விடுங்க’ என்று வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். பெரும்பாலானவை எடுபடுவதில்லை. பரிசு போதாததால்தான் இப்படி என்று கடைக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். செய்தியைப் படித்துப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கும்: யாருக்கு எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்பது அதில் இருக்காது.

கேட்பவருக்கு உள்ள சங்கடத்தை முதலில் பார்க்க வேண்டும். நல்ல தையல்காரரைப் பற்றித் தோழியிடம் சும்மா சொல்வதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. சொன்னதற்குக் காசு வாங்குகிறோம் என்றதும் கூச்சம் வந்துவிடுகிறது. ‘எனக்காகச் சொன்னாளா, கமிஷனுக்காகச் சொன்னாளா?’ என்று தோழிக்குத் தோன்றிவிட்டால் நட்பில் ஒரு கீறல் விழும். கங்ஸியோக் ரியு, லாரன்ஸ் ஃபீக் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரை ஏறத்தாழ இதைத்தான் சோதித்துப் பார்த்தது. பரிசு உண்டு என்றால் ஜனங்கள் பரிந்துரைக்கக் கூடுதலாக முன்வருகிறார்கள். ஆனால் பரிசுத் தொகையை ஏற்றிக்கொண்டே போவதால் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. நெருங்கியவரிடம் சொல்ல வேண்டுமானால் பரிசில் ஒரு பங்காவது அந்த நெருங்கியவருக்குப் போக வேண்டும். அவ்வளவு பழக்கமில்லாதவரிடம் சொல்ல வேண்டுமானால் சொல்பவருக்குக் கொடுப்பது பலிக்கிறது.

இந்தியாவில் அரசே நடத்திய ஒரு ரெஃபரல் திட்டத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2017 ஏப்ரல் 14 அன்று நாக்பூரில் பிரதமர் மோடி பீம் செயலிக்கான பரிந்துரை ஊக்கத்தொகையை அறிவித்தார். ஒருவரை பீம் செயலிக்கு அழைத்து வந்து, அவர் மூன்று முறை பணம் அனுப்பிவிட்டால், அழைத்து வந்தவருக்கு 10 ரூபாய். கோடை விடுமுறையில் இருக்கும் மாணவர்கள் தினம் 20 பேரைச் சேர்த்தால் 200 ரூபாய் சம்பாதிக்கலாம் என்றும் அவர் கணக்குச் சொன்னார். தினம் 20 பேர் என்றால் அவர்கள் நண்பர்களாக இருக்க முடியாது. தெருவில் போய் ஆள் பிடிக்கும் வேலை அது. செயலியை நாடு முழுக்கப் பரப்ப நினைத்த அரசுக்கு அது பொருந்தியது. தெருமுனைக் கடைக்குப் பொருந்தாது. ஆனாலும் அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. செயலியை இறக்கினால் போதும் என்று விடாமல், மூன்று முறை பயன்படுத்திய பிறகே பணம் என்று வைத்தார்கள். அதையும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

சரி, எவ்வளவு கொடுக்கலாம்? இதற்கு ஜெர்மனியில் ஒரு வங்கியின் கணக்கு உதவும். புதியவரைக் கூட்டி வரும் வாடிக்கையாளருக்கு அந்த வங்கி 25 யூரோ கொடுத்துவந்தது. ஏறத்தாழ 10,000 பேரின் கணக்குகளை மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் பின்தொடர்ந்த ஆய்வு 2011-இல் வெளியானது. பரிந்துரையால் வந்தவர்கள், மற்ற வழிகளில் வந்தவர்களைவிட வங்கிக்கு 16 சதவீதம் கூடுதல் மதிப்புள்ளவர்களாக இருந்தார்கள். வங்கியை விட்டு ஓடும் வாய்ப்பும் அவர்களிடம் 18 சதவீதம் குறைவு. ஆறு ஆண்டுக் கணக்கில் ஒருவரிடமிருந்து சுமார் 40 யூரோ கூடுதலாகக் கிடைக்கும் என்று மதிப்பிட்டார்கள். கொடுத்தது 25, வந்தது 40.

இந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் இருக்கிறது. பரிந்துரையால் வந்தவர்கள் தொடக்கத்தில் அதிக லாபம் தந்தார்கள். போகப் போக அந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது. விட்டுப் போகாத குணம் மட்டும் தேயவில்லை. ஆக, அழைத்து வரப்பட்டவர்களிடம் பெரிய வியாபாரத்தை எதிர்பார்ப்பதைவிட, அவர்கள் நெடுநாள் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதே சரி. பரிசுக் கணக்கையும் அதை வைத்துத்தான் போட வேண்டும்.

உள்ளூர்க் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். கோவைப் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சிறு கடை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், அவரவர் தொழிலுக்கு அவரவர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். கடலெண்ணெய் லிட்டர் 320 ரூபாய். கடலைப்பருப்பு, ஆட்டுக்கூலி, பாட்டில், வண்டி பெட்ரோல் எல்லாம் போக லிட்டருக்கு 40 ரூபாய் மிஞ்சுகிறது. டிராப்பாக்ஸைப் பார்த்து இந்தக் கடையும் தன் சரக்கையே பரிசாகக் கொடுக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கணினியில் 250 எம்பி இடம் கொடுக்க டிராப்பாக்ஸுக்கு ஆகும் செலவு சொற்பம். வாங்குபவருக்கோ அது பெரிய விஷயம். எண்ணெய்க் கடைக்காரர் கால் லிட்டர் கொடுத்தால் வாங்குபவருக்கு அதன் மதிப்பு 80 ரூபாய், கடைக்காரருக்கு அடக்கமே 70 ரூபாய். மிச்சம் பத்து ரூபாய்தான். பெரிய நிறுவனத்தின் திட்டத்தை அப்படியே எடுத்துப் போடுபவர்கள் சறுக்கும் இடம் இது.

ஆகவே இந்தக் கடை 75 ரூபாய் தள்ளுபடி என்று வைத்துக்கொள்கிறது: புதியவருக்கு முதல் பாட்டிலில் 75, அழைத்து வந்தவருக்கு 75. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. புதியவர் இரண்டாம் முறை வாங்கிய பிறகுதான் அழைத்து வந்தவருக்குத் தள்ளுபடி. முதல் முறை தள்ளுபடிக்காக யாரும் வாங்கிப் பார்ப்பார்கள். இரண்டாம் முறை வாங்குபவருக்கு எண்ணெய் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

பத்துப் பேர் புதிதாக வருகிறார்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் வாங்குவதில் 400 ரூபாய் மிஞ்சும். தள்ளுபடியாக 750 போய்விடும். அவர்களில் ஆறு பேர் மறுமாதம் இரண்டிரண்டு லிட்டர் வாங்குகிறார்கள். அதில் 480 வரவு. அழைத்து வந்த ஆறு பேருக்குத் தள்ளுபடி 450. இரண்டு மாதத்தில் வரவு 880, செலவு 1,200. கைக்கடி 320 ரூபாய். அந்த ஆறு பேரில் நான்கு பேர் நிலைத்துவிட்டு, மீதிப் பத்து மாதம் மாதாமாதம் மூன்று லிட்டர் வாங்கினால் 4,800 ரூபாய் வரும். வருடக் கடைசியில் கைக்கடியெல்லாம் போக 4,480 நிற்கும்.

லாபமான திட்டம்தான், ஆனால் முதல் இரண்டு மாதம் கடைக்காரர் கைக்காசைப் போட்டுத் தாங்க வேண்டும். ஒரே மாதத்தில் நூறு பேர் வந்துவிட்டால் 3,200 ரூபாய் முன்பணமாக முடங்கும். அந்தப் பணம் கையில் இல்லாத கடைகள்தான் ‘ஸ்டாக் இல்லைங்க’, ‘ஆஃபர் முடிஞ்சிருச்சுங்க’ என்று நடுவில் கைவிரிக்கின்றன. நேர்மைக் குறைவு பல சமயம் கணக்குப் போடாததிலிருந்துதான் பிறக்கிறது. அதற்காகத்தான் உச்சவரம்பு. டிராப்பாக்ஸும் ஒருவர் சேர்த்துக்கொள்ளக்கூடிய இலவச இடத்துக்கு எல்லை வைத்திருந்தது.

இனி அறிவிப்பு. வழக்கமாக வரும் செய்தி இப்படி இருக்கும்:

“அதிரடி சலுகை!! உங்கள் நண்பர்களை அறிமுகம் செய்து ரூ.1,500 வரை வெல்லுங்கள்!! உடனே பகிருங்கள்! *நிபந்தனைகளுக்கு உட்பட்டது.”

அந்த ‘வரை’யும் அந்த நட்சத்திரக்குறியும் சேர்ந்துதான் செய்தியைக் கெடுக்கின்றன. 1,500 ரூபாய் கிடைக்க எத்தனை பேரைக் கூட்டி வர வேண்டும் என்று தெரியாது. ‘வெல்லுங்கள்’ என்பதால் குலுக்கலா என்ற சந்தேகம் வரும். வந்த நண்பருக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. இதையே அந்தக் கடை இப்படி எழுதலாம்:

“வணக்கம். நம்ம கடை எண்ணெய் உங்களுக்குப் பிடித்திருந்தால், தெரிந்த ஒரு வீட்டுக்குச் சொல்லுங்கள். அவர்களுக்கு முதல் லிட்டரில் ரூ.75 குறைத்துத் தருகிறோம். அவர்கள் இரண்டாம் முறை வாங்கியதும் உங்களுக்கும் அடுத்த பில்லில் ரூ.75 குறையும், அன்றே உங்களுக்கு மெசேஜ் வரும். அவர்கள் ஆர்டர் செய்யும்போது உங்கள் பெயரைச் சொன்னால் போதும். ஒருவர் ஆண்டுக்குப் பத்து வீடு வரை சொல்லலாம். உங்கள் வீட்டு முகவரியிலேயே இன்னொரு பெயரில் வாங்குவது இதில் சேராது. இது மார்ச் 31 வரை. அதற்குள் முதல் முறை வாங்கியவர்கள் பின்னால் இரண்டாம் முறை வாங்கினாலும் உங்கள் ரூ.75 உண்டு. உங்களுக்குத் தள்ளுபடி கிடைப்பதை அவர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.”

நீளம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் படித்த பிறகு கேட்க ஒரு கேள்வியும் மிஞ்சாது. கடைசி வரிதான் இதில் பெரிய வேலை செய்கிறது. தனக்கும் தள்ளுபடி உண்டு என்று சொல்ல அனுமதி கிடைத்துவிட்டால் வாடிக்கையாளரின் கூச்சம் பாதி போய்விடும். ‘உனக்கும் 75, எனக்கும் 75’ என்று சொல்லும்போது தோழிக்குச் சந்தேகப்பட எதுவும் இருக்காது. ‘பிடித்திருந்தால்’ என்ற சொல்லும் சும்மா போட்டதில்லை. எண்ணெய் பிடிக்காதவர் காசுக்காகக் கூட்டி வரும் ஆள் இரண்டாம் முறை வரமாட்டார்.

நண்பர்களின் நம்பர் பட்டியலைக் கேட்காமல் விட்டிருப்பதையும் கவனிக்கலாம். ‘ஐந்து நண்பர்களின் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுங்கள், நாங்களே பேசிக்கொள்கிறோம்’ என்று படிவம் நீட்டும் இடங்கள் உண்டு. அந்த ஐந்து பேரிடமும் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள். லிங்க்ட்இன் நிறுவனம், பயனாளர்களின் மின்னஞ்சல் தொடர்புகளுக்கு அவர்கள் பெயரிலேயே அழைப்பை அனுப்பி, பதில் வராவிட்டால் நினைவூட்டல்களையும் அனுப்பியது. அழைப்புக்குச் சரி என்றோம், நினைவூட்டலுக்கு எப்போது சரி என்றோம் என்று அமெரிக்காவில் பயனாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-இல் 1.3 கோடி டாலருக்குச் சமரசம் பேசி முடிக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளரே தன் கையால், தன் வார்த்தையில் அனுப்பட்டும். கடைக்கு அந்த நம்பர் ஆர்டர் வரும்போது தெரிந்தால் போதும்.

ஏமாற்றுபவர்கள் வருவார்களா? வருவார்கள். தானே இன்னொரு சிம்மிலிருந்து ஆர்டர் போட்டு, தன்னையே தனக்கு அறிமுகப்படுத்திக்கொள்வதுதான் பழைய தந்திரம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம். டெலிவரி முகவரி ஒன்றாக இருக்கும். பணம் வரும்போது யுபிஐ-யில் பழைய பெயரே தெரியும். ஒரே ஆள் பெயரைச் சொல்லி ஒரே வாரத்தில் ஐந்தாறு ஆர்டர் வரும், எல்லாம் தள்ளுபடிக்குத் தேவையான குறைந்தபட்ச அளவில் இருக்கும், ஒன்றும் திரும்ப வராது. இரண்டாம் கொள்முதலுக்குப் பிறகே பரிசு என்ற விதி இதில் பெரும்பகுதியைத் தானாகவே அடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது சந்தேகத்துக்குரிய ஓரிரண்டு. மாமியார் வீடும் மருமகள் வீடும் ஒரே காம்பவுண்டில் தனித்தனி அடுப்போடு இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் 75 ரூபாயை விட்டுக்கொடுப்பதே கடைக்கு நல்லது. மறுக்கத்தான் வேண்டுமென்றால் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்று சொல்லி மறுக்க வேண்டும். விதி அறிவிப்பில் இல்லாவிட்டால் மறுக்க உரிமை இல்லை.

சட்டத்தின் பார்வையும் இதற்கு நெருக்கமானதே. ஒன்றைச் செய்தால் ஒன்று கிடைக்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு வேறொன்றைக் கையில் கொடுப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் முறையற்ற உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. இணைய வழி வியாபாரத்துக்கான அந்தப் பட்டியலில் 13 உத்திகள் இருக்கின்றன. ‘ரூ.100 கேஷ்பேக்’ என்று சொல்லி அழைத்து வரச் செய்துவிட்டு, 2,000 ரூபாய்க்கு வாங்கினால் மட்டுமே செல்லும் கூப்பனைக் கொடுப்பதற்கும் அந்த உத்திக்கும் எவ்வளவு தூரம் என்று கடைக்காரர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

அதைவிடக் கனமான கோடு இன்னொன்று இருக்கிறது. ஆளைக் கூட்டி வந்தவருக்கு ஒரு பங்கு, அந்த ஆள் கூட்டி வருபவருக்காக மேலே உள்ளவருக்கு இன்னொரு பங்கு என்று அடுக்கிக்கொண்டே போகும்போது, ரெஃபரல் திட்டம் சங்கிலித் திட்டமாக மாறத் தொடங்கும். சேர்வதற்கே பணம் கட்ட வேண்டும், வருமானம் பொருள் விற்பதிலிருந்து வராமல் ஆள் சேர்ப்பதிலிருந்தே வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டுகள், பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் இப்படிப்பட்டவற்றைக் குற்றமாக்கியிருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டங்களை நேரடி விற்பனை என்ற பெயரில் நடத்தக் கூடாது என்கின்றன. எண்ணெய்க் கடையின் திட்டம் ஒரே படியோடு நிற்கிறது: சொன்னவர், வந்தவர், அவ்வளவுதான். வந்தவர் இன்னொருவரைக் கூட்டி வந்தால் முதலில் சொன்னவருக்கு அதில் பங்கு கிடையாது. சேர யாரும் ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை. வாசகர்களுக்கு வரும் எந்த ‘ஆள் சேர்த்து விடுங்கள்’ செய்தியையும் இந்த மூன்றையும் வைத்து அலசிப் பார்க்கலாம்: கட்டணம் உண்டா, எத்தனை படி போகிறது, யாரும் சேராவிட்டாலும் பொருள் விற்குமா?

திட்டத்தை மூடும்போதும் ஒரு முறை இருக்கிறது. கடலை விலை ஏறி, லிட்டருக்கு 40 மிஞ்சிய இடத்தில் 20தான் மிஞ்சுகிறது என்றால் கடையால் 75 கொடுக்க முடியாது. அப்போது அறிவித்த தேதி வரை பழைய தொகையைக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, ஏப்ரல் 1 முதல் ரூ.40 என்று புதிய செய்தி அனுப்பலாம்; அல்லது நிறுத்தியே விடலாம். மார்ச் 30 அன்று முதல் லிட்டர் வாங்கியவர் மே மாதம் இரண்டாம் முறை வாங்கினால், அவரை அனுப்பியவருக்குப் பழைய 75 போய்ச் சேர வேண்டும். இதற்காகக் கடையில் ஒரு நோட்டு போதும்: யார் சொன்னார், யார் வந்தார், முதல் தேதி, இரண்டாம் தேதி, தள்ளுபடி கொடுத்த பில் எண். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகள் அனைத்தும் கடை இன்னும் கொடுக்க வேண்டியிருக்கும் பாக்கிகள். வாடிக்கையாளர் போன் செய்து கேட்பதற்கு முன்பே, மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கட்டத்தைப் பார்த்துத் தீர்த்துவிடலாம்.